பரிமாற்ற விலை ஆய்வறிக்கையைத் தணிக்கை செய்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே குழும நிறுவனங்கள் தங்களுக்குள் வசூலித்துக்கொள்ளும் விலையே பரிமாற்ற விலை; அது நியாயமானது என்று காட்டத் தயாரிப்பதே ஆய்வறிக்கை. அமெரிக்கத் தாய் நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்து, செலவுக்கு மேல் 15 விழுக்காடு லாபம் வைத்துப் பில் போடும் சென்னை நிறுவனம் ஒன்றை இந்தப் பக்கம் முழுவதும் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். நிறுவனமும் அதன் எண்களும் விளக்கத்துக்காக அமைத்தவை. சட்டமும் விதிகளும் உண்மையானவை. ஆண்டு 2024-25 என்பதால் பிரிவு எண்கள் யாவும் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் எண்கள். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் 2025ஆம் ஆண்டுச் சட்டத்தில் எண்கள் வேறு.

ஆய்வறிக்கையை ஆலோசகர் தயாரித்துக் கொடுத்துவிட்டார், முடிவும் “ஆர்ம்ஸ் லெங்த் விலைதான்” என்று இருக்கிறது. தணிக்கையாளர் சரிபார்க்க என்ன மிச்சம் இருக்கிறது?

ஏறக்குறைய எல்லாமே மிச்சம் இருக்கிறது. ஆர்ம்ஸ் லெங்த் விலை என்பது ஒட்டுறவில்லாத இருவர் அதே சூழலில் பேரம் பேசியிருந்தால் ஒப்புக்கொண்டிருக்கக் கூடிய விலை. ஆலோசகரின் அறிக்கை அந்த விலையை நிறுவனம் கொடுத்த தகவல்களின் மேல் கட்டியெழுப்புகிறது. யார் என்ன வேலை செய்கிறார், செலவு எவ்வளவு, எந்தப் பரிவர்த்தனைகள் நடந்தன என்ற மூன்றையும் நிர்வாகம் சொன்னபடியே எடுத்துக்கொண்டதாக அறிக்கையின் முன்பக்கத்திலேயே பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். 92-இ பிரிவின் கீழ், வெளிநாட்டுக் குழும நிறுவனங்களுடனான பரிவர்த்தனைகளைத் தெரிவிக்கும் 3சிஇபி படிவத்தில் கையெழுத்திடும் கணக்காளரோ, தாம் கணக்குகளையும் பதிவேடுகளையும் பரிசோதித்ததாகவும், விதிக்கப்பட்ட ஆவணங்கள் முறையாக வைக்கப்பட்டிருப்பதாகத் தாம் கருதுவதாகவும் எழுதிக் கொடுக்கிறார். ஆலோசகர் விட்ட இடைவெளியை இந்தச் சான்று நிரப்பியாக வேண்டும்.

என் அனுபவத்தில், அறிக்கையின் பாதிப் பக்கங்களைப் பிடித்துக்கொள்ளும் தொழில்துறைப் பின்னணியையும் புள்ளியியல் அட்டவணைகளையும் விட, அதன் நடுவில் ஒற்றைப் பத்தியாக வரும் லாப விகிதக் கணக்கில்தான் தவறுகள் அதிகம் கிடைக்கின்றன. ஆகவே தணிக்கை நேரத்தையும் அந்த விகிதத்திலேயே செலவிடுவது நல்லது.

எல்லாப் பரிவர்த்தனைகளும் படிவத்தில் வந்துவிட்டன என்று எப்படி உறுதி செய்வது?

இண்ட் ஏஎஸ் 24 தரநிலைப்படி நிதியறிக்கையில் வரும் தொடர்புடைய தரப்பினர் குறிப்பை அப்படியே படிவத்துக்குப் பெயர்த்து எழுதுவதுதான் வழக்கம்; அது போதாது. 92-ஏ பிரிவு தொடர்புடைய நிறுவனத்தை வரையறுக்கும் விதம் வேறு. 26 விழுக்காடு வாக்குரிமை இருந்தாலே அங்கே தொடர்பு வந்துவிடும். ஒரு நிறுவனம் கொடுத்த கடன் மற்றொன்றின் மொத்தச் சொத்துகளின் புத்தக மதிப்பில் 51 விழுக்காட்டை எட்டினாலும் வந்துவிடும். பங்குத் தொடர்பே இல்லாமல் கடன் மட்டும் கொடுத்த ஒரு வெளிநாட்டு நிறுவனம் படிவத்தில் விடுபட்டுப்போவது இப்படித்தான்.

அடுத்து, பணம் கைமாறாத பரிவர்த்தனைகள். பில் இல்லாததால் இவை லெட்ஜரில் தாய் நிறுவனத்தின் பெயரில் தென்படாது. தாய் நிறுவனம் வங்கிக்குக் கொடுத்த உத்தரவாதம், சென்னை ஊழியர்களுக்கு அது இலவசமாக வழங்கிய தன் பங்குகள், கட்டணமின்றிப் பயன்படுத்தும் மென்பொருள் உரிமங்கள் போன்றவை இந்த வகை. இவற்றைத் தேட வங்கியின் கடன் அனுமதிக் கடிதத்தையும், மூலதன மாற்ற அறிக்கையையும், இயக்குநர் குழுக் கூட்டக் குறிப்புகளையும் படிக்க வேண்டும். இவற்றுடன் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பியதற்கான 15சிஏ, 15சிபி படிவங்களையும், ஏற்றுமதிக்கான சாஃப்டெக்ஸ் படிவங்களையும் லெட்ஜரோடு ஒப்பிட்டால் மிச்சமிருப்பவையும் வெளியே வந்துவிடும்.

சென்னை நிறுவனம் ஆபத்து எதையும் ஏற்காத ஒப்பந்தச் சேவையாளர் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அது போதாதா?

ஒப்பந்தம் ஒரு தொடக்கம்தான். அதில் எழுதியிருப்பதும் அலுவலகத்தில் நடப்பதும் ஒன்றுதானா என்பதே சோதனை. மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் 2013ஆம் ஆண்டு 6ஆம் எண் சுற்றறிக்கை, ஒப்பந்த ஆராய்ச்சி மையம் ஒன்றை ஆபத்து குறைந்ததாகக் கருத என்னென்ன பார்க்க வேண்டும் என்று சொல்கிறது. முக்கியமான முடிவுகளை வெளிநாட்டு நிறுவனம் எடுக்க வேண்டும்; மூலதனத்தை அது தர வேண்டும்; வேலையைக் கட்டுப்படுத்தவும் மேற்பார்வையிடவும் அதனிடம் ஆட்களும் திறனும் இருக்க வேண்டும்; உருவாகும் அறிவுச்சொத்து அதற்கே சேர வேண்டும். இவை நடத்தையில் தெரிய வேண்டும், காகிதத்தில் மட்டும் இருந்தால் போதாது என்பதும் அதிலேயே இருக்கிறது.

இதற்கு நான் முதலில் கேட்பது சம்பளப் பட்டியல். பதவி வாரியாகப் பிரித்துப் பார்த்து, “புராடக்ட் ஹெட்”, “சீஃப் ஆர்க்கிடெக்ட்” போன்ற பதவிகளில் யாராவது சென்னையில் உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்ப்பேன். இருந்தால் அவர்களுடைய பணி விவரத்தையும், ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தையும் கேட்பேன். அதன் பிறகு ஆண்டில் வெளியான பதிப்புகளில் சிலவற்றை எடுத்து, அவற்றுக்கு இறுதி ஒப்புதல் கொடுத்தவர் யார் என்று பணிப்பதிவு மென்பொருளிலேயே பார்க்கலாம். ஒப்புதல்கள் அனைத்தும் சென்னையிலேயே முடிந்து, அமெரிக்கத் தரப்பில் அந்தத் தயாரிப்பை அறிந்த ஒருவர்கூட இல்லை என்றால், செலவுக்கு மேல் ஒரு விழுக்காடு என்ற முறையே கேள்விக்குள்ளாகிறது. பின்னர், லாபத்தை ஒப்பிட எடுத்துக்கொள்ளும் ஒட்டுறவில்லாத ஒப்பீட்டு நிறுவனங்களின் பட்டியல் எவ்வளவு சரியாக இருந்தும் பயனில்லை. இரு நிறுவனங்களும் சேர்ந்து ஈட்டிய லாபத்தை அவரவர் பங்களிப்புக்கேற்பப் பிரிக்கும் லாபப் பகிர்வு முறையைப் பற்றி யோசிக்க வேண்டிய நிலை வந்துவிடும்.

நாங்கள் எப்போதும் செலவுக்கு மேல் 15 விழுக்காடுதான் பில் போடுகிறோம். அப்படியிருக்க லாபம் எப்படிக் குறையும்?

எந்தச் செலவுக்கு மேல் என்பதைப் பொறுத்தது. நம் சென்னை நிறுவனம் தன் செலவு 80 கோடி ரூபாய் என்று கணக்கிட்டு 92 கோடிக்குப் பில் போட்டது. ஆய்வறிக்கையும் அதே 80 கோடியை எடுத்து, 12 கோடி லாபம், 15 விழுக்காடு என்று முடித்தது. ஒப்பீட்டு நிறுவனங்களின் லாப விகிதங்களிலிருந்து கிடைத்த எல்லை 11.9 முதல் 15.4 விழுக்காடு வரை, ஆகவே பிரச்சினை இல்லை என்பது அறிக்கையின் முடிவு.

தணிக்கையாளர் அந்த 80 கோடியை லாப நட்டக் கணக்கோடு வரிவரியாக ஒப்பிட்டார். கணக்கில் செயல்பாட்டுச் செலவு 83 கோடி. இடையிலுள்ள 3 கோடி, தாய் நிறுவனம் சென்னை ஊழியர்களுக்குத் தன் பங்குகளை வழங்கியதற்கானது. தாய் நிறுவனம் அதற்குப் பணம் கேட்கவில்லை. ஆனால் ஊழியர்கள் உழைப்பது சென்னைக்காக என்பதால் இண்ட் ஏஎஸ் 102 அதைச் சென்னையின் ஊழியர் செலவாகவும், மறுபக்கத்தில் தாய் நிறுவனத்தின் மூலதனப் பங்களிப்பாகவும் பதியச் சொல்கிறது. பணம் வெளியே போகாததால் பில் தயாரித்தவர் அதைச் செலவாக நினைக்கவில்லை. மூலதன மாற்ற அறிக்கையில் இருந்த ஒரே ஒரு வரிதான் அதைக் காட்டிக் கொடுத்தது.

இப்போது லாபம் 92-இலிருந்து 83 போக 9 கோடி. அதை 83-ஆல் வகுத்தால் 10.84 விழுக்காடு. எல்லையின் அடிமட்டமான 11.9-ஐ விட இது குறைவு. எல்லைக்கு வெளியே விழுந்துவிட்டால் 10சிஏ விதி அடிமட்டத்துக்கு அல்ல, நடுமதிப்புக்குக் கொண்டுபோகச் சொல்கிறது. நடுமதிப்பு 13.2 என்பதால் வர வேண்டிய வருவாய் 83 கோடியின் 113.2 விழுக்காடு, அதாவது 93.96 கோடி. வந்தது 92 கோடி. வருமானத்தில் கூட்ட வேண்டியது 1.96 கோடி. விலையில் 3 விழுக்காடு வரை வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளும் சலுகை இங்கே உதவாது. எல்லை முறை பொருந்தாமல் கூட்டுச் சராசரியை எடுக்கும் இடத்துக்குத்தான் அது.

பங்குச் செலவைச் சேர்க்கவே கூடாது என்று வாதிடுவோரும் உண்டு. குறிப்பிட்ட லாப விகிதத்தைக் காட்டினால் விலையை வரித்துறை கேள்வியின்றி ஏற்கும் பாதுகாப்பு வரம்பு விதிகளுக்கான 10TA விதியின் வரையறை, பங்கு சார்ந்த ஊதியத்தைச் செயல்பாட்டுச் செலவில் சேர்த்தே சொல்கிறது. அந்த வரையறை அந்த விதிகளுக்கு மட்டும் உரியது என்றாலும், ஒப்பீட்டு நிறுவனங்களின் ஊழியர் செலவில் அவர்களுடைய பங்குச் செலவும் அடங்கியிருக்கும்போது, நம் பக்கத்தில் மட்டும் அதை நீக்குவதற்குக் காரணம் சொல்வது கடினம். அந்நியச் செலாவணி லாப நட்டத்துக்கும் இதே அளவுகோல்தான்: சேர்ப்பதோ விடுவதோ, இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள்.

லாப விகிதங்களின் 35ஆம், 65ஆம் சதமானங்கள் என்ற எல்லையை எக்செல்லில் போட்டால் அறிக்கையிலுள்ள எண் வருவதில்லை. எது சரி?

விதியின் கணக்கும் எக்செல்லின் வழக்கமான சூத்திரமும் வெவ்வேறு. ஆறு அல்லது அதற்கு மேல் ஒப்பீட்டு நிறுவனங்கள் இருந்தால் விகிதங்களை ஏறுவரிசையில் அடுக்க வேண்டும். நம் ஒன்பது நிறுவனங்களின் விகிதங்கள் 4.1, 7.6, 9.8, 11.9, 13.2, 15.4, 17.8, 21.5, 26.3. ஒன்பதில் 35 விழுக்காடு 3.15; அது முழு எண் இல்லாததால் அடுத்த இடமான நான்காவது மதிப்பு, அதாவது 11.9, அடிமட்டமாகிறது. 65 விழுக்காடு 5.85, ஆறாவது மதிப்பான 15.4 மேல்மட்டம். கணக்கு முழு எண்ணாக வந்தால் மட்டும் அந்த மதிப்பையும் அடுத்ததையும் கூட்டிச் சராசரி எடுக்க வேண்டும். எக்செல்லோ இரண்டு மதிப்புகளுக்கு நடுவே இடைமதிப்பு கண்டுபிடிக்கிறது:

```
=PERCENTILE.INC(A1:A9,0.35)        11.48
=SMALL(A1:A9,ROUNDUP(0.35*9,0))    11.9
```

11.6 விழுக்காடு லாபம் காட்டும் நிறுவனம் முதல் சூத்திரப்படி எல்லைக்குள்ளும், விதிப்படி வெளியேயும் இருக்கும். அறிக்கையின் எண்ணை விதிப்படி கையால் ஒருமுறை போட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

இன்னொரு இடமும் உண்டு. ஒப்பீட்டு நிறுவனங்களுக்கு மூன்று ஆண்டு வரையிலான தரவை எடுக்கும்போது, மூன்று விழுக்காடுகளின் சராசரியை எடுக்கக் கூடாது; மூன்று ஆண்டு லாபத்தைக் கூட்டி, மூன்று ஆண்டுச் செலவின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். செலவு 10, 20, 70 கோடியாகவும் லாபம் 3, 4, 7 கோடியாகவும் இருந்த நிறுவனத்துக்குச் சாதாரணச் சராசரி 20 விழுக்காடு. விதிப்படி 14 விழுக்காடு. சோதிக்கப்படும் சென்னை நிறுவனத்துக்கோ நடப்பாண்டுத் தரவு மட்டுமே.

ஒப்பீட்டு நிறுவனங்களின் பட்டியலை எப்படிச் சோதிப்பது?

ஏற்றுக்கொண்டவற்றைச் சரிபார்ப்பது எளிது. எல்லோரும் செய்வதும் அதுதான். விலக்கியவற்றின் பட்டியலில்தான் சாய்வு தெரியும். புரோவெஸ், கேபிட்டாலைன் போன்ற தரவுத்தளங்களில் தேடும்போது நூற்றுக்கணக்கில் பெயர்கள் வரும். ஊழியர் செலவு, ஏற்றுமதி, தொடர்புடைய தரப்பினர் பரிவர்த்தனை என்ற வடிகட்டிகள் எண்களால் ஆனவை. அவற்றைத் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். அதன் பின் மனிதர் ஒருவர் படித்து “செயல்பாடு வேறு” என்று விலக்கியவை இருக்கும். அந்தக் காரணம் போட்டவற்றை மட்டும் பிரித்து, லாப விகித வரிசையில் அடுக்குங்கள். விலக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை 25 விழுக்காட்டுக்கு மேல் லாபம் ஈட்டியவையாக இருந்தால், ஒவ்வொன்றின் ஆண்டறிக்கையையும் திறந்து படித்தே ஆக வேண்டும். விலக்கிய நிறுவனம் செய்யும் அதே வேலையைச் செய்யும் ஒரு குறைந்த லாப நிறுவனம் பட்டியலில் தங்கியிருக்கிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

ஒரு நிறுவனம் போனால் என்னாகும் என்பதையும் போட்டுப் பாருங்கள். 7.6 விழுக்காடு காட்டிய நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் பார்த்ததில், அதன் விற்பனையில் 38 விழுக்காடு அதன் சொந்தக் குழும நிறுவனங்களுக்கே என்று தெரிந்தது. அறிக்கையின் சொந்த வடிகட்டி 25 விழுக்காடு. தரவுத்தளத்தில் அந்தக் கட்டம் காலியாக இருந்ததால் அது தப்பித்துவிட்டது. அதை நீக்கினால் எட்டு நிறுவனங்கள் மிஞ்சும். அடிமட்டம் அதே 11.9-இல் நிற்கிறது. நடுமதிப்போ 13.2, 15.4 இரண்டின் சராசரியான 14.3-க்கு ஏறுகிறது. கூட்ட வேண்டிய தொகை 1.96 கோடியிலிருந்து 2.87 கோடியாகிறது.

இதில் ஒரு வரம்பையும் மனத்தில் வைக்க வேண்டும். அறிக்கை தயாராகும் நேரத்தில் பல ஒப்பீட்டு நிறுவனங்களின் நடப்பாண்டுக் கணக்கு வெளியாகியிருக்காது. முந்தைய ஆண்டுகளை வைத்தே எல்லை போடுகிறோம். வரி மதிப்பீட்டின்போது நடப்பாண்டுத் தரவு கிடைத்துவிட்டால் பரிமாற்ற விலை அதிகாரி அதைப் பயன்படுத்துவார்; எல்லை நகரும். பட்டியலில் எது இருக்க வேண்டும் என்ற சண்டை தீர்ப்பாயத்தோடு முடிந்துவிடும் என்றும் இனி நினைக்க முடியாது. விலை நிர்ணயம் சட்டத்திலும் விதிகளிலும் சொன்னபடி நடந்ததா என்பதை உயர் நீதிமன்றம் பார்க்கலாம் என்று எஸ்ஏபி லேப்ஸ் வழக்கில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆவணங்கள் எந்தத் தேதிக்குள் இருக்க வேண்டும்? நோட்டீஸ் வந்த பிறகு தயாரிக்கலாமா?

கூடாது. ஆண்டின் பன்னாட்டுப் பரிவர்த்தனைகள் மொத்தம் ஒரு கோடியைத் தாண்டினால் 10டி விதியின் ஆவணங்கள் அனைத்தும், வருமானக் கணக்கு தாக்கல் செய்யும் கெடுவுக்கு ஒரு மாதம் முன்பே, அதாவது வழக்கமாக அக்டோபர் 31-க்குள், கையில் இருக்க வேண்டும். கேட்டால் 10 நாளில் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் 30 நாள் வரை நீட்டிக்கலாம். முன்பு 30 நாள் இருந்ததை 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் 10 ஆகக் குறைத்தது.

தணிக்கையில் கோப்பின் தேதியைப் பாருங்கள். ஒப்பந்தம் ஏப்ரல் 1 என்று தொடங்கி, முத்திரைத்தாள் ஆகஸ்டில் வாங்கப்பட்டிருந்தால் அந்த நான்கு மாதங்களில் எந்த விதிமுறையில் பில் போட்டார்கள் என்று கேட்க வேண்டும்.

ஆண்டு இறுதியில் லாபத்தைச் சரிசெய்து கூடுதல் பில் போட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

கணக்கை மூடும் முன், ஒப்பந்தத்தில் அதற்கு இடமிருந்து, பணமும் வந்து சேர்ந்தால் தீரும். மூன்றையும் தனித்தனியே சரிபாருங்கள். மார்ச் 31 தேதியிட்ட பில் ஒன்று அடுத்த ஆண்டு ஏப்ரலிலும் கடன்பட்டியலில் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். பில்லுக்கு 60 நாள் கெடு என்று எழுதிவிட்டு 200 நாள் காத்திருந்தால், தாமதமான வசூலே வட்டி கணக்கிட வேண்டிய தனிப் பரிவர்த்தனையாகப் பார்க்கப்படும்.

கணக்கை மூடிய பிறகு தவறு தெரிந்தால், நிறுவனமே வருமானக் கணக்கில் 1.96 கோடியைக் கூட்டிக்கொள்ளலாம். அதோடு கதை முடியாது. தானே செய்துகொண்ட திருத்தம் ஒரு கோடியைத் தாண்டுவதால் 92-சிஇ பிரிவின்படி அந்தப் பணம், கணக்கு தாக்கல் செய்யும் கெடுவிலிருந்து 90 நாளுக்குள் அமெரிக்காவிலிருந்து உண்மையிலேயே வந்து சேர வேண்டும். வராவிட்டால் அது தாய் நிறுவனத்துக்குக் கொடுத்த முன்பணமாகக் கருதப்பட்டு ஆண்டுதோறும் வட்டி வருமானம் கூட்டப்படும். அல்லது 18 விழுக்காடு கூடுதல் வரியை, அதற்கு மேல் வரும் சர்சார்ஜ், செஸ் சகிதம், ஒரே தடவையில் கட்டி முடிக்கலாம்.

விலையில் தவறு பெரிதா, ஆவணத்தில் தவறு பெரிதா?

நம் எடுத்துக்காட்டில் ஆவணத் தவறுதான் பெரிது. 1.96 கோடிக்கு 25.17 விழுக்காட்டில் வரி ஏறத்தாழ 49 லட்சம். அந்த 92 கோடிப் பரிவர்த்தனைக்கு ஆவணம் வைக்கவில்லை என்றாலோ, அதைப் படிவத்தில் தெரிவிக்கவில்லை என்றாலோ 271-ஏஏ பிரிவில் பரிவர்த்தனை மதிப்பில் 2 விழுக்காடு, அதாவது 1.84 கோடி அபராதம். மறுபுறம், ஆவணம் முறையாக வைத்து, பரிவர்த்தனையைத் தெரிவித்து, முக்கியத் தகவல்களையும் வெளிப்படுத்தியிருந்தால், அதிகாரி கூட்டும் தொகை 270-ஏ பிரிவின் குறைத்துக் காட்டிய வருமானமாகக் கணக்கில் வராது.

பங்குச் செலவு விஷயத்தில் இதுவே முக்கியம். அதைச் சேர்க்க வேண்டியதில்லை என்பது நிர்வாகத்தின் நிலைப்பாடாக இருந்தால், அந்த 3 கோடி இருக்கிறது, இந்தக் காரணத்தால் விட்டிருக்கிறோம் என்று அறிக்கையில் எழுதி வைப்பது, அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் விடுவதை விடப் பல மடங்கு பாதுகாப்பானது.

நிதியறிக்கைத் தணிக்கையாளர் செப்டம்பருக்குள் கையெழுத்திடுகிறார். ஆய்வறிக்கை அக்டோபரில்தான் வருகிறது. அவர் எதை நம்புவது?

முந்தைய ஆண்டு அறிக்கையை நம்பி விட்டுவிடுவதே நடைமுறையில் நடக்கிறது. அது பலவீனமான நிலை. இண்ட் ஏஎஸ் 12-இன் பின்னிணைப்பு சி, வரி அதிகாரி எல்லாத் தகவலையும் அறிந்து பரிசோதிப்பார் என்று வைத்துக்கொண்டு நிச்சயமற்ற வரி நிலைப்பாடுகளை மதிப்பிடச் சொல்கிறது. ஆகவே கையெழுத்துக்கு முன்பே நடப்பாண்டின் செயல்பாட்டுச் செலவையும் லாப விகிதத்தையும் தணிக்கையாளர் தாமே போட்டு, கடந்த ஆண்டு எல்லையோடு வைத்துப் பார்க்க வேண்டும். 10.84 என்ற எண்ணுக்கு அக்டோபர் அறிக்கை தேவையில்லை. மே மாத லாப நட்டக் கணக்கே போதும். எல்லைக்கு வெளியே என்று தெரிந்தால் 49 லட்சத்துக்கு ஒதுக்கீடு வேண்டுமா என்ற கேள்வியை நிர்வாகத்திடம் எழுத்தில் வைத்து, பதிலையும் எழுத்தில் வாங்க வேண்டும். ஆலோசகரின் வேலையைத் தணிக்கைத் தரநிலையான எஸ்ஏ 500 நிர்வாகத்தின் நிபுணருடைய வேலையாகவே பார்க்கிறது; அவருடைய திறமையையும் சார்பின்மையையும் மதிப்பிடுவதோடு, அவர் பயன்படுத்திய மூலத்தரவைச் சோதிப்பதும் தணிக்கையாளர் பொறுப்பு. 100 கோடி வரையிலான இத்தகைய வேலைக்கு அந்த ஆண்டின் பாதுகாப்பு வரம்பு 17 விழுக்காடு. அதைத் தேர்ந்தெடுக்காமல் குறைந்த லாபத்தை வைத்துக்கொண்ட நிறுவனம், அதற்கான ஆதாரத்தையும் தானே சுமக்கிறது என்பதை நிர்வாகத்திடம் அந்தக் கடிதத்திலேயே சொல்லிவிடலாம்.